16 பிட்டில் தொலையும் கண்ணொளி

ஒருவர் முகத்தில் இன்னொருவர் முகத்தைப் பொருத்தும் மாடலைப் பயிற்றுவிப்பவர்களின் பொழுது பெரும்பாலும் காத்திருப்பதில் போகும். ஆயிரக்கணக்கான முகப் படங்களை மாடலுக்குக் காட்ட வேண்டும். அது வரைந்து தருவதை அசலோடு ஒப்பிட்டு, பிழையை அளந்து, உள்ளே இருக்கும் எண்களை இம்மியளவு திருத்த வேண்டும். இது ஒரு சுற்று. முகம் முகமாகத் தெரிய இப்படி லட்சக்கணக்கான சுற்றுகள் ஓட வேண்டும். வீட்டுக் கணினியில் ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டை வைத்துக்கொண்டிருப்பவருக்கு இது நாள்கணக்கில் நீளும் வேலை. ஆகவே, வேகத்தைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது என்றால் யாரும் உடனே அதைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படியொரு வழிதான் மிக்ஸ்டு பிரிசிஷன். தமிழில் கலப்புத் துல்லியம் எனலாம். மென்பொருளில் ஒரு பெட்டியில் டிக் போட்டாலே இது வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் சில மாடல்கள் அதன் பிறகு திடீரென்று கறுத்துப் போகின்றன. வேறு சில மாடல்கள் நன்றாக ஓடுவது போலவே காட்டும், ஆனால் கண்ணும் பல்லும் மட்டும் கடைசி வரை தெளியாது. எனக்கு முதல் வகையைவிட இந்த இரண்டாவது வகைதான் கவலை தருகிறது. காரணம், அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

முதலில் மாடல் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். 2017 கடைசியில் பரவிய முதல் முகமாற்று நிரலின் அடிப்படை அமைப்புதான் இன்றும் பல மாடல்களுக்குள் இருக்கிறது. முகத்தை எண்களாகச் சுருக்கும் என்கோடர் ஒன்று. அந்த எண்களிலிருந்து முகத்தை மறுபடி வரையும் டிகோடர்கள் இரண்டு, ஆளுக்கு ஒன்று. என்கோடர் மட்டும் இருவருக்கும் பொது. முதலாமவரின் படத்தைச் சற்றே நெளித்துக் கொடுத்து, நெளியாத அசலை அவருடைய டிகோடர் வரையப் பழக்குவார்கள். இரண்டாமவருக்கும் இதே பயிற்சிதான். பயிற்சி முடிந்த பின் முதலாமவரின் முகத்தைச் சுருக்கி, அந்த எண்களை இரண்டாமவரின் டிகோடரிடம் கொடுத்தால், முதலாமவரின் பாவனையோடு இரண்டாமவரின் முகம் வெளியே வரும். சம்மதம் தந்தவர்களின் முகத்தில் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. சினிமாவில் அதற்கு நியாயமான தேவை உண்டு. டிஸ்னியின் ஆய்வுப் பிரிவு 2020இல், 1024 பிக்சல் அகலமும் உயரமும் கொண்ட முகங்களை இவ்வாறு மாற்றும் முறையை வெளியிட்டது. 2017இன் முதல் நிரல் வரைந்த முகமோ வெறும் 64 பிக்சல். முகம் பெரிதாகப் பெரிதாகக் கணக்கும் பெருகுகிறது. வேகத்துக்கான அவசரமும் கூடுகிறது.

கணினி வழக்கமாக ஒவ்வொரு எண்ணையும் 32 பிட்டில் எழுதி வைக்கும். அதையே 16 பிட்டில் எழுதினால் இடம் பாதியாகிறது. கார்டின் நினைவகத்தில் கூடுதல் படங்கள் அடங்கும். நினைவகத்துக்கும் கணக்கிடும் பகுதிக்கும் இடையே போய்வரும் சுமையும் குறையும். அதோடு, 2017இல் என்விடியா தன் வி100 சிப்பில் டென்சர் கோர் என்னும் தனிப்பகுதியை வைத்தது. 16 பிட் எண்களைப் பெருக்கிக் கூட்டுவதற்கென்றே செய்யப்பட்டது அது. 32 பிட் கணக்கில் அந்தச் சிப்பின் உச்ச வேகம் நொடிக்கு 15.7 டெராஃப்ளாப், டென்சர் கோரில் 125. காகிதத்தில் எட்டு மடங்கு வேகம். அந்த எட்டு மடங்கு நம் கைக்கு வராது. படங்களைப் படித்து நெளித்துத் தரும் வேலை பிராசசரில் நடக்கிறது, அது வேகமாவதில்லை. எடைகளைத் திருத்தும் வேலையும் 32 பிட்டிலேயே நடக்கிறது. இரண்டு மடங்கு கிடைத்தாலே நல்ல வரவு என்பேன். டென்சர் கோர் இல்லாத ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டு வைத்திருப்பவருக்கு நினைவகம் மட்டும்தான் மிச்சமாகும், வேகம் கூடாது.

32 பிட்டில் பாதி 16 பிட் என்பதால் துல்லியமும் பாதி குறையும், அவ்வளவுதான் என்று தோன்றும். உண்மை அதைவிடக் கடுமையானது. 16 பிட் எண்ணால் எழுத முடிந்த மிகப்பெரிய மதிப்பு 65,504. அதைத் தாண்டியதெல்லாம் அதன் கணக்கில் முடிவிலி. மறுமுனையில் அது எழுதக்கூடிய மிகச் சிறிய மதிப்பு ஏறக்குறைய 0.00000006, அதாவது 100 கோடியில் 60 பங்கு. அதிலும் பாதிக்குக் கீழே, 100 கோடியில் 30 பங்குக்குக் குறைவாக எது வந்தாலும் பூஜ்யமாகிவிடும். முகமாற்று மாடலின் கணக்குகள் இந்த அடிவிளிம்பில்தான் போய் விழுகின்றன. எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம்.

128 பிக்சல் முகம் என்றால் 128க்கு 128, ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று வண்ணம், ஆக 49,152 மதிப்புகள். ஒரே தடவையில் 16 முகங்களைக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7,86,432 மதிப்புகள். பிழையை அளக்க எளிய வழி, ஒவ்வொரு மதிப்பும் அசலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, சராசரி எடுப்பது. சராசரி எடுப்பதால், தனி மதிப்பு ஒன்று மொத்தப் பிழையில் செலுத்தும் செல்வாக்கு 7,86,432இல் 1 பங்குதான். நம் அளவில் சொன்னால் 100 கோடியில் 1,272 பங்கு. இந்தச் செல்வாக்கைத்தான் கிரேடியன்ட் என்கிறார்கள். எந்த எடையை எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று மாடலுக்குச் சொல்வது அதுதான்.

அந்த 1,272 அப்படியே உள்ளே போவதில்லை. டிகோடரின் கடைசிப் படியில் சிக்மாய்டு என்னும் சார்பு உண்டு. எந்த எண்ணையும் 0க்கும் 1க்கும் இடையே கொண்டுவருவது அதன் வேலை. 0 என்றால் கறுப்பு, 1 என்றால் வெளுப்பு. கிரேடியன்ட் பின்னோக்கி வரும்போது இதைக் கடந்தாக வேண்டும், கடக்கையில் சுருங்கும். பிக்சல் நடுத்தரச் சாம்பலாக இருந்தால் கால் பங்கு மிஞ்சும், அதாவது 318. 16 பிட் அதை 60, 60ஆகத் தாண்டும் படிகளில் எழுதிக்கொள்ளும். ஐந்து படி கிடைக்கும். கரடுமுரடான கணக்குதான், ஆனாலும் திசை தெரியும். பிக்சல் மிக வெளுப்பாக, 0.98 அளவில் இருந்தால், மிஞ்சுவது 50இல் 1 பங்குதான். 1,272இல் அது 25. 30க்குக் கீழே வந்துவிட்டதால் பூஜ்யம். இந்த இடத்தில் பிழை இருக்கிறது என்ற செய்தியே மாடலுக்குப் போய்ச் சேராது.

முகத்தை 256 பிக்சலாக்கினால் இன்னும் மோசம். மதிப்புகள் நான்கு மடங்காகின்றன. ஆளுக்கு வரும் பங்கு நான்கில் ஒன்றாகிறது. நடுத்தரச் சாம்பலுக்கே ஒரே ஒரு படிதான் மிஞ்சும். 0.9ஐத் தாண்டிய வெளுப்பும் 0.1க்குக் கீழான கறுப்பும் மொத்தமாகப் பூஜ்யம். முகத்தில் இவ்வளவு வெளுப்பும் கறுப்பும் எங்கே இருக்கின்றன? பல்லின் பளபளப்பில், கண்ணில் விழும் விளக்கின் பொட்டொளியில், கண்மணியில், இமை மயிரின் வேரில். பார்ப்பவர் முகத்தை நம்புவதும் நம்பாததும் இந்த இடங்களைப் பொறுத்தது. கன்னமும் நெற்றியும் ஒழுங்காகத் தேறிக்கொண்டே வர, இவை மட்டும் மழுங்கலாக நிற்கும். பிழை எண் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் முகத்தில் பெரும்பகுதி கன்னமும் நெற்றியும்தான். எங்கும் எச்சரிக்கை வராது.

இதற்கான மருந்தை என்விடியாவும் பைடுவும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை சொல்லிவிட்டது. பிழையைப் பின்னோக்கி அனுப்பும் முன் பெரிய எண் ஒன்றால் பெருக்கிவிட வேண்டும். எல்லாக் கிரேடியன்டும் அதே அளவு பெருகும், அடிவிளிம்பிலிருந்து மேலே எழும். எடையைத் திருத்தும் முன் 32 பிட்டில் வைத்து அதே எண்ணால் வகுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். பைடார்ச்சில் இந்தப் பெருக்கெண் 65,536இல் தொடங்குகிறது. 256 பிக்சல் மாடலில் செத்துப்போன அந்தப் பல்லின் கிரேடியன்ட் இப்போது 0.0018 சுமாராக இருக்கும்; 16 பிட் அதைத் தாராளமாக எழுதும். பெருக்கெண் அதிகமாகிப்போய் ஏதாவது ஒரு கிரேடியன்ட் 65,504ஐத் தாண்டினால், அந்தச் சுற்றை மட்டும் விட்டுவிட்டு, பெருக்கெண்ணைப் பாதியாக்கிக்கொள்ளும். 2,000 சுற்று தொடர்ந்து நல்லபடியாகப் போனால் இரட்டிப்பாக்கிப் பார்க்கும். ஆக, அவ்வப்போது ஒரு சுற்று தவறுவது நோயல்ல, அது இந்த ஏற்பாட்டின் இயல்பு.

அதே கட்டுரை வலியுறுத்திய இன்னொன்று, எடைகளின் மூலப்பிரதி 32 பிட்டில் இருக்க வேண்டும் என்பது. முதல் முகமாற்று நிரலில் கற்றல் வேகம் 0.00005 என வைத்திருந்தார்கள். ஆடம் என்னும் திருத்தும் முறையில் ஒரு சுற்றில் ஓர் எடை ஏறக்குறைய அந்த அளவுதான் நகரும். எடை 0.5க்கு மேல் இருந்தால் 16 பிட்டில் அதற்கு அடுத்துள்ள எண் 0.00049 தள்ளித்தான் இருக்கிறது. 0.00005ஐக் கூட்டினால் அது கிட்டேயுள்ள பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். காய்கறிக் கடைத் தராசில் குன்றிமணியைப் போட்டால் முள் அசையாதல்லவா, அதே கதைதான். ஒரு லட்சம் தடவை போட்டாலும், ஒவ்வொரு தடவையும் தராசு பழைய நிலைக்கே வந்துவிடுவதால், எடை அசையவே அசையாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 0.125ஐத் தாண்டிய எந்த எடையும் நகராது. அதைவிடச் சிறியவை மட்டும் கற்கும். ஆகவே திருத்தங்களை 32 பிட் மூலத்தில் சேர்த்துவிட்டு, அதிலிருந்து 16 பிட் நகல் எடுத்துக் கணக்குக்கு அனுப்புகிறார்கள். இந்தப் பிரச்சினை தெரியாமல், நினைவகம் மிச்சமாகட்டும் என்று மாடல் முழுவதையும் ஒரே கட்டளையில் 16 பிட்டாக மாற்றுபவர்கள் உண்டு. அது கலப்புத் துல்லியமாகாது. கலப்பு என்பதே எதை 16இல் விடலாம், எதை 32இல் காக்க வேண்டும் என்ற பாகுபாடுதான்.

பிழையை அளக்கும் கணக்கை எப்போதும் 32இல் காக்க வேண்டும். முகமாற்று மாடல்களில் வெறும் விலகலை மட்டும் அளப்பதில்லை. எஸ்எஸ்ஐஎம் என்னும் அளவையையும் சேர்ப்பார்கள். சின்னச் சின்னச் சதுரங்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் சராசரி வெளிச்சம் எவ்வளவு, ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று ஒப்பிடும் அளவை அது. ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட வழக்கமான குறுக்குவழி, வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிப்பது. கன்னத்தில் ஒரு சதுரத்தை எடுங்கள். சராசரி வெளிச்சம் 0.6, மயிர்த்துளைகளால் வரும் ஏற்ற இறக்கம் 0.01. வர்க்கங்களின் சராசரி 0.3601, சராசரியின் வர்க்கம் 0.36. கழித்தால் 0.0001. 16 பிட்டில் அந்த இடத்தில் எண்களுக்கு இடையே உள்ள தூரம் 0.00024. இரண்டு மதிப்புகளும் 0.360107 என்ற ஒரே எண்ணாகப் பதிவாகும். கழித்தால் பூஜ்யம். அசலில் தோலின் நயம் இருந்தும், அளவை அதை மழமழப்பான பொம்மைத் தோலாகவே காண்கிறது. மாடலும் பொம்மைத் தோலையே வரைந்து தந்தால் முழு மதிப்பெண் போடுகிறது.

இன்னொரு பொறி முகமூடியில் இருக்கிறது. பின்னணியை விட்டுவிட்டு முகப்பகுதியில் மட்டும் பிழையை அளக்க, முகம் உள்ள இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0 என்று ஒரு முகமூடிப் படம் வைத்திருப்பார்கள். மொத்தப் பிழையை முகமூடியின் கூட்டுத்தொகையால் வகுப்பது வழக்கம். 128 பிக்சலில் கூட்டுத்தொகை எப்படியும் 16,384ஐத் தாண்டாது. 256 பிக்சலில் சதுரத்தில் பாதியை முகம் அடைத்தாலே ஒரு படத்துக்கு 32,768. இரண்டு படத்தைச் சேர்த்துக் கூட்டினால் 65,536. 16 பிட்டின் உச்சமோ 65,504. விடை முடிவிலி. நேற்று வரை 128இல் நன்றாக ஓடிய நிரல் இன்று 256இல் உடைந்துபோனதென்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். எதிர்முனையிலும் ஓர் ஆபத்து உண்டு. முகமூடி வெறுமையாக இருந்து பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்துவிடக் கூடாது என்று, கீழே 1e-8 என்ற சிறு எண்ணைக் கூட்டி வைத்திருப்பார்கள். 16 பிட்டில் 1e-8 என்பதே பூஜ்யம். காவலுக்கு வைத்த எண் காணாமல் போய்விடுகிறது. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வருவது எண்ணே அல்ல. திரையில் `NaN` என்று வரும்.

அந்த `NaN` தொட்டதையெல்லாம் `NaN` ஆக்கும். ஒரு பிக்சலில் வந்தால் சராசரியில் வரும், அங்கிருந்து எல்லாக் கிரேடியன்டுக்கும் போகும். பெருக்கெண் ஏற்பாடு அந்தச் சுற்றைத் தள்ளிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது காப்பது பின்னோக்கிய கணக்கைத்தான். மாடல் முகத்தை வரையும்போதே, முன்னோக்கிய கணக்கில் ஒரு மதிப்பு 65,504ஐத் தாண்டிவிட்டால், பெருக்கெண்ணைக் குறைத்து எந்தப் பயனும் இல்லை. அது பாதி, பாதியாகக் குறைந்துகொண்டே போகும். 65,536இலிருந்து 16 சுற்றில் 1க்கு வந்துவிடும். ஒரு சுற்றும் ஏற்றுக்கொள்ளப்படாது, மாடல் எதையும் கற்காது, கார்டு மட்டும் சூடாகிக்கொண்டிருக்கும்.

பைடார்ச்சில் இவற்றையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு சுற்று இப்படி இருக்கும்:

```python
with torch.autocast("cuda", dtype=torch.float16):
    raw = model(warped)
face = torch.sigmoid(raw.float())
loss = loss_fn(face, target.float(), mask.float())
opt.zero_grad()
scaler.scale(loss).backward()
scaler.step(opt)
scaler.update()
print(loss.item(), scaler.get_scale())
```

மாடலின் பெருங்கணக்கு மட்டும் முதல் இரு வரிகளில் 16 பிட்டில் நடக்கிறது. `float()` என்று வருமிடங்களில் 32 பிட்டுக்குத் திரும்புகிறோம். சிக்மாய்டும் பிழைக் கணக்கும் முகமூடியும் அங்கேதான். பயிற்சி ஓடும்போது கடைசி வரியைக் கண்காணியுங்கள். பெருக்கெண் ஏறுவதும் எப்போதாவது ஒருமுறை பாதியாவதும் ஆரோக்கியம். அடுத்தடுத்த சுற்றுகளில் சரிந்துகொண்டே போனால் கோளாறு முன்னோக்கிய கணக்கில் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

நிறுத்திய பிறகு என்ன செய்வது? எடைகளில் `NaN` ஏறி அதே நிலையில் சேமித்துவிட்டிருந்தால் அந்தக் கோப்பை மீட்க முடியாது. பழைய சேமிப்புக்குத்தான் போக வேண்டும். உடைந்த கணத்துக்குச் சற்று முந்தியதல்ல, அதற்கும் வெகுமுன் சேமித்தது நல்லது. உடைவதற்குப் பல சுற்று முன்பே உள்மதிப்புகள் வீங்கத் தொடங்கியிருக்கக்கூடும். ஃபேஸ்ஸ்வாப் என்னும் இலவச மென்பொருளில் `NaN` வந்ததும் பயிற்சியை நிறுத்திவிடும் காவல் இருக்கிறது, அதை அணைக்காதீர்கள். கற்றல் வேகத்தைக் குறைப்பதும் பேட்ச் அளவைக் கூட்டுவதும் முதல் முயற்சிகள். அவை பலிக்காதபோது ஆடமின் எப்சிலானை உயர்த்தலாம். கிரேடியன்டை அதன் சமீப காலச் சராசரி அளவால் வகுத்துத்தான் ஆடம் அடியெடுத்து வைக்கிறது. வெகுநேரம் பூஜ்யமாகவே வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று ஒரு கிரேடியன்ட் வந்தால், வகுக்கும் எண் மிகச் சிறியதாக இருக்கும், அடி பெரிதாகிவிடும். எப்சிலான் அந்த வகுக்கும் எண்ணோடு கூட்டப்படுவது. அதை 1e-7இலிருந்து 1e-5க்கு உயர்த்தினால் இந்தத் தாவல் அடங்கும். ஆனால் நுணுக்கங்களைக் கற்பதும் அதனாலேயே மெதுவாகும். ஆகையால் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசையின்றி நிகழும் இழப்பைக் கண்டுபிடிக்க எந்த எச்சரிக்கைப் பெட்டியும் உதவாது. அதற்கு ஒரே வழி ஒப்பீடு. அதே படங்கள், அதே தொடக்க எடைகள், ஒன்று கலப்பில், ஒன்று முழு 32 பிட்டில், சில ஆயிரம் சுற்றுகள் வரை ஓட்டிப் பாருங்கள். பிழை எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதாது. அதில் கன்னமும் நெற்றியும்தான் பேசும். முன்னோட்டப் படத்தில் கண்ணையும் வாயையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டிகோடரின் கடைசி அடுக்குகளில் எத்தனை கிரேடியன்ட் சரியாகப் பூஜ்யமாக இருக்கிறது என்று எண்ணியும் பார்க்கலாம். 32 பிட் ஓட்டத்தைவிடக் கலப்பு ஓட்டத்தில் அது வெகுவாகக் கூடியிருந்தால் பெருக்கெண் வேலை செய்யவில்லை என்று பொருள்.

ஆர்டிஎக்ஸ் 30 வரிசையோ அதற்குப் பிந்தியதோ உங்களிடம் இருந்தால் பிஃப்ளோட் 16 என்னும் இன்னொரு 16 பிட் வடிவமும் கிடைக்கும். அதன் வீச்சு 32 பிட் எண்ணின் வீச்சேதான். கிரேடியன்ட் அடிவிளிம்பில் விழாது, முகமூடியின் கூட்டுத்தொகை முடிவிலியாகாது, பெருக்கெண் தேவையில்லை. அதற்கு விலையாகத் துல்லியத்தைத் தந்துவிட்டார்கள். 0.6 என்ற வெளிச்சத்துக்கு அடுத்த எண் அதில் 0.0039 தள்ளியிருக்கிறது, ஏறக்குறைய சாதாரணப் படத்தின் 255 படிகளில் ஒரு முழுப் படி. கன்னத்தின் மயிர்த்துளைக் கணக்கு அதில் இன்னும் விரைவாகத் தொலையும். புதிதாக மாடல் தொடங்குகிறவருக்கு நான் பிஃப்ளோட் 16ஐயே சொல்வேன், நின்றுபோகும் தொல்லை அதில் குறைவு என்பதால். ஆனால் எடைகளின் மூலப்பிரதியும், சிக்மாய்டும், பிழைக் கணக்கும் எந்த வடிவத்திலும் 32 பிட்டிலேயே இருக்கட்டும். அவற்றை 16க்கு இறக்கி மிச்சமாகும் நேரம் மிகச் சொற்பம்.